ஒரே பக்க பிராண்ட் கைட்லைன்: உங்க லோகோல இருக்கற புள்ளியில இருந்து ஆரம்பிங்க

"அக்கா, நாங்க காங்கேயம் பக்கத்துல மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விக்கறோம். லோகோல இடது பக்கம் செக்கு படம், வலது பக்கம் தமிழ்ல பேரு, 'செக்கு'ங்கற வார்த்தை அதுல வருது. லேபிள்ல ஒரு மாதிரி, துணிப்பைல ஒரு மாதிரி, கடை போர்டுல எழுத்தே வேறயா வந்துருக்கு. போட்டோ மூணும் லேபிள் ஃபைலும் அனுப்பிருக்கேன். பேட்ச் நம்பர், விலை ஒட்ட சின்ன தெர்மல் பிரிண்டர் ஒண்ணு வச்சிருக்கோம், அடுத்து 250 மில்லி பாட்டிலுக்கு லேபிள் அடிக்கப்போறோம். ஒரே பக்கத்துல பிராண்ட் கைட்லைன் போட்டு எல்லாருக்கும் குடுத்துருன்னு ஃப்ரெண்டு சொல்றான். லோகோவ சுத்தி இடைவெளி, குறைஞ்சபட்ச சைஸ், எந்த ஃபைல், இதெல்லாம் எப்படி எழுதறது? நெட்ல பாத்தா ஒவ்வொண்ணும் 40 பக்கம் இருக்கு."

தம்பி, மூணு போட்டோவையும் பெருசு பண்ணி பாத்தேன். துணிப்பை போட்டோவ நீங்களும் இன்னொரு தடவை பாருங்க, 'க்' மேல இருக்கற புள்ளி துணியில விழவே இல்ல, அதனால அது 'செககு'ன்னு வாசிக்குது. இங்கிலீஷ் லோகோல ஒரு சின்ன புள்ளி போனாலும் வார்த்தைய எப்படியோ வாசிச்சிருவாங்க, நம்ம எழுத்துல புள்ளி போச்சுன்னா வார்த்தையே போச்சு. அதனால உங்க ஒரு பக்கத்துல வர்ற அளவு எல்லாத்தையும் அந்த புள்ளிய வச்சுதான் முடிவு பண்ணப்போறோம்.

இந்த பக்கத்த யாரு படிக்கப்போறாங்கன்னு மொதல்ல நினைச்சுக்கோங்க. லேபிள் பிரஸ்ல கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கற தம்பி, ஸ்க்ரீன் பிரிண்டிங் போடறவரு, ஃப்ளெக்ஸ் கடைக்காரரு. அவங்களுக்கு முன்னாடி பத்து வேலை வரிசையில நிக்குது, உங்க பக்கத்துக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கும், அதுவும் பாதி நேரம் போன்லதான் பாப்பாங்க. அதனால பிராண்டோட கதை, எங்க பாரம்பரியம் இதெல்லாம் இந்த பக்கத்துல வேண்டாம். ஸ்கேல் வச்சு அளக்க முடியற விஷயம் மட்டும் இருக்கட்டும்.

இடைவெளியில இருந்து ஆரம்பிக்கலாம். லோகோவ சுத்தி எவ்வளவு இடம் காலியா விடணும்னு செ.மீ.ல எழுதாதீங்க, எழுதினா பாட்டில்ல சரியா வரும், போர்டுல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிரும். லோகோக்குள்ளயே இருக்கற ஒண்ண அளவுகோலா எடுத்துக்கணும். உங்களோடதுல 'க' எழுத்தோட உடம்பு உயரத்த எடுத்துக்கோங்க, புள்ளிய சேக்காம வெறும் 'க' மட்டும். நீங்க அனுப்புன லேபிள் ஃபைல்ல அளந்து பாத்தேன், லோகோ 60 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம், 'க' சரியா 6 மி.மீ. வருது. அதாவது லோகோ அகலத்துல பத்துல ஒரு பங்கு, கணக்கு போடறதுக்கும் சுலபம். நாலு பக்கமும் ஒரு 'க' உயரம் காலியா விடணும், அந்த இடத்துக்குள்ள வேற எழுத்து, முத்திரை, கோடு, பேப்பரோட ஓரம் எதுவும் வரக்கூடாது, இதுதான் ரூல். 100 மில்லி பாட்டில்ல லோகோ 25 மி.மீ. ஆனா இடைவெளி 2.5 மி.மீ., கடை போர்டுல லோகோ 6 அடி ஆனா இடைவெளி ஏழு இஞ்ச் சொச்சம். ஒரே வரி எல்லாத்துக்கும் சரியா வந்துரும்.

எங்க இருந்து அளக்கணும்னு படத்துல கோடு போட்டு காட்டிருங்க, இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க. 'க'வோட தலையில இருந்து இல்ல, அதுக்கு மேல இருக்கற புள்ளியோட உச்சியில இருந்து அளக்கணும். கீழயும் எழுத்தோட வால் ஏதாவது இறங்கியிருந்தா அந்த நுனியில இருந்துதான். எழுத்தோட உடம்புல இருந்து அளந்தா மேல விட்ட இடத்துல பாதிய புள்ளியே சாப்ட்டுரும், அப்புறம் மேல ஒரு கோடு வந்துச்சுன்னா புள்ளி அதுல போய் ஒட்டிக்கும். உங்க லேபிள்ல மஞ்சள் பார்டர் இருக்கு பாருங்க, அது புள்ளிக்கு ஒரு மி.மீ. தள்ளிதான் போகுது, எடுத்து பாத்தா ரெண்டும் சேந்து கொக்கி மாதிரி தெரியுது.

ஏன் ஒரு 'க', அரை 'க' பத்தாதான்னு கேப்பீங்க. உங்க லேபிள்ல லோகோவுக்கு பக்கத்துல கட்டாயம் ஒரு ஆள் வந்து நிப்பாரு, அந்த பச்சை வட்டம் போட்ட சைவ முத்திரை. உணவு லேபிள் விதிப்படி அது முன்பக்கம், பிராண்ட் பேருக்கோ பொருள் பேருக்கோ கிட்டத்துல இருக்கணும். அதுக்கு அரசாங்கமே குறைஞ்சபட்ச அளவு வச்சிருக்கு, முன்பக்க பரப்பு 100 சதுர செ.மீ. வரைக்கும்னா வட்டம் 3 மி.மீ. விட்டம், 100க்கு மேல 500 வரைக்கும்னா 4 மி.மீ., வட்டத்த சுத்தி வர்ற சதுரத்தோட பக்கம் அதுல ரெண்டு மடங்கு. உங்க 1 லிட்டர் பாட்டிலுக்கு அப்ப சதுரம் 8 மி.மீ. வரும். உங்க 'க'வே 6 மி.மீ.தான். அரை 'க' இடைவெளி விட்டு அந்த சதுரத்த வச்சா பேரோட இன்னொரு எழுத்து மாதிரியே போய் ஒட்டிக்குது, நான் உங்க ஃபைல்லயே வச்சு பாத்தேன். ஒரு 'க' தள்ளி வச்சா முத்திரை தனியா தெரியுது, ஆனா பேருக்கு கிட்டத்துலயும் இருக்கு. அதனால கைட்லைன் படத்துலயே சைவ முத்திரை எங்க உக்காரணும்னு ஒரு சதுரம் போட்டு காட்டிருங்க. வலது பக்கம், ஒரு 'க' தள்ளி, அடிக்கோட்டுல. லேபிள் போடற தம்பி ஒவ்வொரு தடவையும் அத எங்க வைக்கறதுன்னு யோசிக்க வேண்டியதே இல்ல.

போர்டுக்கு மட்டும் ஒரு வரி சேத்துக்கோங்க. ஃப்ளெக்ஸ இரும்பு ஃப்ரேம்ல மாட்டும்போது ஓரத்துல ஒண்ணு ரெண்டு இஞ்ச் பின்னாடி மடங்கிரும், டிசைன் பண்றவரு ஷீட்டோட ஓரத்துல இருந்து இடைவெளி விட்டிருப்பாரு, மாட்டினதுக்கு அப்புறம் பாத்தா ஓரத்த இடிச்சுட்டு நிக்கும். "மடிச்சதுக்கு அப்புறம் தெரியற ஓரத்துல இருந்து அளக்கணும்"னு எழுதிருங்க.

இப்ப குறைஞ்சபட்ச சைஸ். இதுக்கு யாரையும் கேக்காதீங்க, என்னையும் கேக்காதீங்க, அடிச்சுதான் பாக்கணும். ஏன்னா சைஸ முடிவு பண்றது லோகோ மட்டும் இல்ல, எந்த மெஷின்ல எது மேல அடிக்கறோம்ங்கறதும்தான். ஒரு ஷீட்ல உங்க லோகோவ 30, 25, 20, 15, 12, 10, 8 மி.மீ. அகலத்துல வரிசையா வைங்க, ஒவ்வொண்ணுக்கு கீழயும் அளவு எழுதுங்க. அதே வரிசைய வெள்ளை எழுத்தா கருப்பு கட்டத்துக்குள்ளயும் ஒரு தடவை. இந்த ஒரு ஷீட்ட நீங்க நிஜமாவே அடிக்கற இடத்துலதான் அடிக்கணும், வீட்டு பிரிண்டர்ல அடிச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது. லேபிள் பிரஸ்ல அடுத்த தடவை உங்க வேலை ஓடும்போது ஓரத்து வேஸ்ட்ல இந்த வரிசைய சேத்து அடிச்சு குடுங்கன்னு கேட்டா பெரும்பாலும் செஞ்சு குடுப்பாங்க.

உங்க லோகோவுக்கு கணக்க போட்டே காட்டறேன். 60 மி.மீ. லோகோல புள்ளியோட விட்டம் 1.8 மி.மீ., அதாவது அகலத்துல 100க்கு 3 பங்கு. நீங்க பேட்ச் நம்பர், விலை ஒட்டறதுக்கு ஒரு சின்ன தெர்மல் பிரிண்டர் வச்சிருக்கறதா சொன்னீங்க, அந்த வகை பெரும்பாலும் 203 டி.பி.ஐ. தான், ஒரு மி.மீ.க்கு 8 புள்ளி அடிக்கும். லோகோவ 20 மி.மீ. போட்டா புள்ளி 0.6 மி.மீ., மெஷினோட கணக்குல கிட்டத்தட்ட 5 புள்ளி, ஓரளவு வட்டமாவே வந்துரும். 12 மி.மீ. போட்டா 3 புள்ளி, ஒரு சின்ன கட்டம் மாதிரி ஆயிரும். 8 மி.மீ.ன்னா 2 புள்ளிகூட சரியா கிடைக்காது, பேப்பர்ல இருந்த தூசியா இல்ல எழுத்தோட புள்ளியான்னு தெரியாது. அதனால தெர்மல் ஸ்டிக்கருக்கு 20 மி.மீ.க்கு கீழ போகக்கூடாதுன்னு எழுதலாம்.

ஆஃப்செட்ல அடிக்கற லேபிள் இத விட நுணுக்கமா வரும், அங்க 15 மி.மீ. தாங்கும்னு நினைக்கறேன், ஆனா உங்க ஷீட் என்ன சொல்லுதோ அதத்தான் எழுதணும். வெள்ளை எழுத்து வரிசைய கவனமா பாருங்க. சுத்தி இருக்கற இங்க் லேசா பரவும், அப்ப வெள்ளை எழுத்து மெலிஞ்சு போகும், 'செ'வோட கொம்புல இருக்கற சுழி மொதல்ல அடைக்கும், அப்புறம் புள்ளி போகும். அதனால அடர் கலர் மேல வெள்ளை எழுத்துன்னா ஒரு படி பெரிய சைஸ், 15க்கு பதிலா 20ன்னு தனியா எழுதிருங்க. துணிப்பை இதெல்லாத்தையும் விட முரட்டு வேலை, துணியோட நெசவு இடுக்குல இங்க் சரியா உக்காராது. உங்க பைல லோகோ என்ன சைஸ்னு ஸ்கேல் வச்சு பாத்தீங்களா? போட்டோல பக்கத்துல இருக்கற பத்து ரூபா காசை வச்சு பாத்தா 35 மி.மீ. மாதிரி தெரியுது, அப்ப புள்ளி 1 மி.மீ. சொச்சம், அது துணியில நிக்கல. 60ல ஆரம்பிச்சு மேல போய் பாருங்க, பைல இடத்துக்கு பஞ்சமே இல்ல, 120 மி.மீ. போட்டாலும் நல்லாதான் இருக்கும்.

அடிச்சு வந்ததும் நீங்க பாக்காதீங்க. உங்களுக்கு பேரு மனப்பாடம், புள்ளி இல்லாட்டியும் கண்ணு சேத்து வாசிச்சிரும். பேரு தெரியாத யாராவது ஒருத்தர்கிட்ட, பக்கத்து கடைக்கு வந்தவங்களா இருந்தாலும் சரி, கை நீட்டற தூரத்துல புடிச்சு சின்னதுல இருந்து வாசிக்க சொல்லுங்க. எந்த சைஸ்ல தடுமாறாம வாசிக்கறாங்களோ அதுக்கு அடுத்த பெரிய சைஸ்தான் உங்க குறைஞ்சபட்சம். நாலஞ்சு பேர் பாத்தா போதும்.

அதுக்கும் சின்ன இடம் வரும், மூடி, இன்ஸ்டா, வாட்சப் டிபி. அங்க முழு லோகோவ சுருக்கக்கூடாது, செக்கு படம் மட்டும் போகணும். ஆனா உங்க படத்துல உலக்கைல இருந்து மாட்டுக்கு போற கோடு ரொம்ப மெல்லிசு, சின்னதாக்கினா அது மறையும். லோகோ போட்டு குடுத்த ஃப்ரெண்டுகிட்ட அந்த கோட்ட தடிமனாக்கி, மாட்ட எடுத்துட்டு, செக்கும் உலக்கையும் மட்டும் இருக்கற மாதிரி ஒரு குட்டி வெர்ஷன் தனியா போட சொல்லுங்க. டிபில போடும்போது நாலு மூலையையும் வட்டமா வெட்டிருவாங்க, வட்டத்துக்குள்ள முழுசா அடங்கற சதுரம் வட்டத்தோட அகலத்துல 70 சதவீதம்தான் வரும், அதனால படம் 60 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் மூச்சு விட இடம் இருக்கும். வெப்சைட்ல முழு லோகோ 120 பிக்சலுக்கு கீழ வேண்டாம், அந்த அளவுலயே புள்ளி மூணரை பிக்சல்தான், 80 ஆச்சுன்னா சாம்பல் அழுக்கு மாதிரி தெரியும்.

அடுத்தது ஃபைல். உங்க போர்டு போட்டோல எழுத்தே வேறயா இருக்குன்னு கேட்டீங்கல்ல, என்ன நடந்திருக்கும்னா, நீங்க குடுத்த ஃபைல்ல பேரு இன்னும் டைப் பண்ண எழுத்தாவே இருந்திருக்கு. அந்த ஃபான்ட் ஃப்ளெக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல இல்ல. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சிருந்தா, 'செக்கு' இருக்கற இடத்துல ஸ்க்ரீன்ல `nrf;F`ன்னு வந்து நிக்கும். யூனிகோட்னா இன்னொரு தொல்லை, பழைய கோரல் டிரால திறந்தா கொம்பு தனியா எழுத்து தனியா பிரிஞ்சு நிக்கும். கடைக்காரரு பாவம், மாலைக்குள்ள போர்டு போகணும், அவர்கிட்ட இருக்கற ஒரு ஃபான்ட்ல பேர மறுபடி அடிச்சு வச்சுட்டாரு. அவர்மேல தப்பு சொல்ல முடியாது.

இதுக்கு ஒரே வைத்தியம், எல்லா எழுத்தையும் கர்வ்ஸ் ஆக்கிட்டுதான் ஃபைல வெளிய அனுப்பணும். கோரல்ல எழுத்த செலக்ட் பண்ணி Ctrl+Q, இல்லஸ்ட்ரேட்டர்ல Ctrl+Shift+O. அதுக்கப்புறம் அது எழுத்து இல்ல, வெறும் வடிவம், எந்த கம்ப்யூட்டர்லயும் மாறாது. மாத்தறதுக்கு முன்னாடி இருந்த ஃபைல தனியா பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி திருத்தணும்னா அதுதான் வேணும். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு மசாலா லேபிளுக்கு பேர மட்டும் கர்வ்ஸ் ஆக்கிட்டு கீழ இருந்த சின்ன வரிய விட்டுட்டேன். பேரு பளிச்னு வந்துச்சு, அந்த வரி முழுக்க கிறுக்கலா வந்துச்சு, சின்ன எழுத்துன்னு பிரஸ்லயும் யாரும் பாக்கல, 3,000 லேபிள தூக்கிப்போட வேண்டியதா போச்சு. அன்னைல இருந்து சின்ன எழுத்ததான் மொதல்ல பாப்பேன்.

சரியா ஆயிருக்கான்னு நீங்களே பாத்துக்கலாம், டிசைனர் வேண்டாம். பி.டி.எஃப்.ப அக்ரோபாட் ரீடர்ல திறந்து Ctrl+D அடிங்க, Fontsனு ஒரு டேப் வரும், அது காலியா இருந்தா எல்லாம் கர்வ்ஸ் ஆயிருச்சு. அப்புறம் நல்லா ஸூம் பண்ணி புள்ளியோட ஓரத்த பாருங்க, எவ்வளவு போனாலும் கத்தி வச்சு வெட்டுன மாதிரி இருக்கணும். படிக்கட்டு மாதிரி கட்டம் கட்டமா தெரிஞ்சா உள்ள யாரோ ஜேபெக் படத்த ஒட்டி பி.டி.எஃப்.னு சேவ் பண்ணிருக்காங்க. இது ரொம்ப சகஜம், இதுலயும் Fonts டேப் காலியாதான் இருக்கும், அதனால ரெண்டையும் பாக்கணும்.

ஃபைல் ரொம்ப வேண்டாம், இவ்வளவு போதும்:

```
logo-color.pdf
logo-black.pdf
logo-small.pdf
logo-for-old-corel.cdr
logo-web.svg
logo-color.png
logo-white.png
```

அடிக்கற வேலை எல்லாத்துக்கும் பி.டி.எஃப்., நம்ம ஊர்ல பாதி கடையில கோரல்தான் ஓடுது, அதுவும் பழசு, அதனால பழைய வெர்ஷன்ல சேவ் பண்ண சி.டி.ஆர். ஒண்ணு. ஒரே கலர்ல அடிக்கற துணிப்பை, ரப்பர் ஸ்டாம்ப், தெர்மல் ஸ்டிக்கர் இதுக்கெல்லாம் கருப்பு ஃபைல்தான் போகணும், கலர குடுத்தா மஞ்சள் எல்லாம் வெளிறி புள்ளி புள்ளியா வரும். வெப்சைட்டுக்கு எஸ்.வி.ஜி., போஸ்டர் போடறதுக்கு பி.என்.ஜி. பின்னணி இல்லாம, 2000 பிக்சல் அகலத்துல. அந்த பி.என்.ஜி.ய அவசரத்துக்கு பிரிண்டுக்கு குடுத்தாலும் 17 செ.மீ. அகலம் வரைக்கும் நல்லா வரும், அதுக்கு மேல வேண்டாம். வெள்ளை லோகோவ போன்ல திறந்தா சில பேருக்கு வெறும் வெள்ளையா தெரியும், ஃபைல் காலின்னு நினைச்சு உங்களுக்கு போன் பண்ணுவாங்க, அதனால பேர்லயே white இருக்கணும், "இது அடர் கலர் மேல போட"ன்னு பக்கத்துல ஒரு வரியும் இருக்கணும். ஜேபெக் நான் வேணும்னேதான் விட்டேன், லோகோவ சுத்தி வெள்ளை பெட்டி வரும், எழுத்து ஓரத்துல அழுக்கு வரும். வாட்சப்ல அனுப்பும்போது போட்டோவா அனுப்பாதீங்க, அது சுருக்கிரும், டாக்குமெண்ட்டா அனுப்பணும், இதையும் பக்கத்துல எழுதிருங்க.

இப்ப பக்கத்துல எத எங்க வைக்கறது. ஏ4 நிமிர்ந்த வாக்குல. மேல பாதிக்கு கொஞ்சம் கம்மியா லோகோ பெருசா, சுத்தி 'க' எழுத்த நாலு பக்கமும் வச்சு இடைவெளி கோடு, புள்ளி உச்சியில இருந்து கோடு போறது தெளிவா தெரியணும், சைவ முத்திரை சதுரம் அதோட. நடுவுல குறைஞ்சபட்ச சைஸ், நிஜ அளவுலயே: லேபிள், அடர் கலர்ல வெள்ளை, ஸ்டிக்கர், துணிப்பை, அப்புறம் அதுக்கும் கீழன்னா குட்டி படம். இது பக்கத்துலயே 50 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு ரெண்டு முனையிலயும் அளவு எழுதுங்க, ஏன்னா பிரிண்டர் பல நேரம் பக்கத்துக்கு பொருந்தற மாதிரி தானாவே சுருக்கி அடிக்கும், கோடு 48 மி.மீ. இருந்தா அந்த பிரிண்ட் பொய்னு அவங்களுக்கு ஸ்கேல் வச்ச உடனே தெரிஞ்சிரும். போன்ல பாக்கறவங்களுக்கு நிஜ அளவு தெரியாது, அதனால ஒவ்வொண்ணுக்கும் கீழ நம்பரும் எழுதணும். கடைசி பகுதியில எந்த வேலைக்கு எந்த ஃபைல்னு ஒரு சின்ன அட்டவணை, ஃபைல் இருக்கற லிங்க், உங்க போன் நம்பர்.

செய்யக்கூடாதது லிஸ்ட் பெருசா போடாதீங்க, உங்க மூணு போட்டோலயும் என்ன நடந்துச்சோ அது மட்டும் போதும்: பேர மறுபடி டைப் பண்ணக்கூடாது, ஒரு பக்கமா இழுத்து நீட்டக்கூடாது (லேபிள்ல கொஞ்சம் நீண்டிருக்கு, செக்கோட வட்டம் முட்டை மாதிரி தெரியுது பாருங்க), புள்ளி தெரியலன்னா அடிக்கறத நிறுத்திட்டு போன் பண்ணணும். இந்த மூணாவது வரிய மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.

250 மில்லி லேபிள் அடிக்கப்போறதுக்கு முன்னாடியே அந்த சைஸ் வரிசை ஷீட்ட அதே பிரஸ்ல அடிச்சு வாங்கிருங்க, ஸ்கேல் ஒண்ண பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து டாக்குமெண்ட்டா எனக்கு அனுப்புங்க. 15 நிக்குதா 20 வேணுமான்னு பாத்து சொல்றேன், அதுக்கப்புறம் நடுப்பகுதி நம்பர நிரப்பிக்கலாம்.